எழுத்தும் படமும் சேர்ந்து பேசும் தாள்: தாராவியில் ஓ.ஆர்.எஸ். கலக்கும் முறையை எழுதியபோது எழுந்த கேள்விகள்

மும்பை தாராவியில், தமிழ்க் குடும்பங்கள் வாழும் சந்துகளில், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலக்க வேண்டும் என்பதைச் சுவரில் ஒட்டும் ஒரே தாளில் எழுதும் வேலையை எங்கள் சிறு குழு செய்தது. இதே போன்ற தாள்களை எழுத முனைந்த நண்பர்கள் அதன் பிறகு கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்து எதற்கு? படம் மட்டும் போதாதா?

எங்கள் தாள் ஒட்டப்பட்ட வீடுகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்த பாட்டிக்கு எழுத்து தெரியாது. அவருடைய மகன் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டித் தமிழ் வாசிப்பார். மருமகள் நன்றாக வாசிப்பார், ஆனால் பகலில் வேலைக்குப் போய்விடுவார். பேத்தி ஹிந்தி மட்டும் படிக்கிறாள். குழந்தைக்குப் பகல் பதினோரு மணிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கினால் கரைசலைக் கலக்கப்போவது பாட்டிதான்.

இந்த வீட்டில் தாளை யாராவது ஒருவர் ஒரு முறையோ இரு முறையோ வாய்விட்டு வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு வாசிப்பவர் இல்லாத நேரத்தில், கேட்டவர் படத்தைப் பார்த்து அந்த வரியை நினைவுக்குக் கொண்டுவருவார். ஆகவே வரி என்பது கண்ணுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. காதில் விழுந்து, படத்தோடு ஒட்டிக்கொண்டு, மறுபடியும் வாயில் வர வேண்டியது. படம் மட்டும் தனியாக நின்றால் அளவும் நேரமும் விட்டுப்போகும். ஒரு பாட்டிலை எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது 1 லிட்டர் பாட்டில் என்பதைப் படம் சொல்லாது. எழுத்து மட்டும் நின்றாலோ பாட்டிக்கு ஒன்றுமே மிஞ்சாது.

பழைய நோட்டீஸில் எல்லாம் சரியாகத்தானே எழுதியிருந்தது? அதில் என்ன குறை?

எங்கள் தாளுக்கு முன் அந்தச் சந்துகளில் இருந்த நோட்டீஸின் செய்தியில் பிழை இல்லை. அதில் இருந்த வாக்கியம் ஏறத்தாழ இப்படி இருந்தது: "வயிற்றுப்போக்கினால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கு நீர்ச்சத்துக் குறைபாடு ஏற்படாதவாறு, கொதிக்கவைத்து ஆறவைக்கப்பட்ட ஒரு லிட்டர் நீரில் ஒரு பொட்டலத் தூளினை முழுமையாகக் கலந்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும்."

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. வேகமாக வாசிப்பவர் மொத்த வாக்கியத்தையும் ஒரு மூச்சில் பிடித்துக்கொள்வதால் அது அவருக்குச் சுமையாகத் தெரிவதில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பவரோ "பயன்படுத்தவும்" என்ற இடத்துக்கு வந்து சேரும்போது "ஒரு லிட்டர்" என்பதை எப்போதோ தவறவிட்டிருப்பார். "கலந்து", "ஏற்படாதவாறு", "ஆறவைக்கப்பட்ட" என்று முடியாமல் தொங்கும் ஒவ்வொரு சொல்லையும் அவர் கையில் ஏந்திக்கொண்டே நடக்க வேண்டியிருக்கிறது. சேர்த்து எழுதிய நீளச் சொற்கள் அந்தச் சுமையை மேலும் கூட்டுகின்றன.

இதன் விளைவை ஒரு வீட்டில் நேரில் பார்த்தோம். நோட்டீஸை வாசித்துக் கேட்ட ஓர் அம்மா, ஒரு டம்ளர் தண்ணீரில் பாக்கெட்டில் பாதியைக் கொட்டிக் கலக்கினார். மீதிப் பாதியை மடித்து, மாலைக்கென்று டப்பாவில் வைத்தார். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. ஆனால் 1 லிட்டருக்கான தூளில் பாதியை ஒரு டம்ளரில் கரைத்தால் கரைசல் இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடும். உப்பு மிகுந்த கரைசல் குழந்தையின் இரத்தத்தில் சோடியத்தை ஏற்றி ஆபத்தை உண்டாக்கக்கூடியது. தண்ணீர் அதிகமாகிவிட்டாலோ, இழந்த உப்பு போதுமான அளவுக்குத் திரும்பக் கிடைக்காது. எனவே இந்தத் தாள் சொல்லியே தீர வேண்டிய செய்தி ஒன்றுதான்: பாக்கெட் முழுதும், பாட்டில் முழுதும். மற்றவை அதற்குப் பின்னால் வரலாம்.

அப்படியானால் நீங்கள் எழுதிய வரிகள் எவை?

ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படம், அதன் நேர் கீழே ஒரே வரி.

1. சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.
2. ஆறிய தண்ணீர் 1 லிட்டர் எடுங்கள்.
3. பாக்கெட் முழுவதும் போடுங்கள்.
4. தூள் கரையும் வரை கலக்குங்கள்.
5. ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.
6. மறுநாள் புதிதாகக் கலக்குங்கள்.

ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை, ஒரு வினைமுற்று. மூன்று முதல் ஐந்து சொற்கள்தாம். எந்த வரியும் மடிந்து அடுத்த வரிக்குப் போகாதபடி கட்டத்தின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குள் அடங்கும் சொற்களைத் தேடினோம். மடிய வேண்டிய கட்டாயம் வந்தாலும் எண்ணையும் அளவையும் பிரிக்கவே கூடாது. "1" ஒரு வரியின் முடிவிலும் "லிட்டர்" அடுத்த வரியின் தொடக்கத்திலும் நின்றால், வாசிப்பவர் அந்த ஒன்றை வேறு எதனோடாவது சேர்த்துவிடுவார்.

இரண்டாவது வரியில் "கொதிக்க வைத்து" என்பதை எழுத்திலிருந்து எடுத்துவிட்டு, ஆவி பறக்கும் பாத்திரம் ஒன்றையும் மூடி வைத்த பாத்திரம் ஒன்றையும் பக்கத்தில் சிறிதாக வரைந்தோம். அது படத்துக்கு எளிது, எழுத்துக்கு நீளம். மூன்றாவது படத்தில் பாக்கெட் தலைகீழாகக் கவிழ்ந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்படி பிளந்திருக்கிறது. "முழுவதும்" என்ற சொல்லை அந்தப் பிளந்த பாக்கெட் தாங்குகிறது. ஆறாவது வரி மிகவும் சிரமப்படுத்தியது. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் மணிக்கணக்கு பாட்டிக்கு உதவவில்லை. "மறுநாள்" என்ற சொல்லையும், பழைய கரைசலைக் கொட்டும் கையையும், புதுப் பாக்கெட்டையும் சேர்த்து வைத்த பிறகே அது நின்றது.

ஒரு எச்சரிக்கை. கடைகளில் 200 மி.லி. தண்ணீருக்கான சிறிய பாக்கெட்டும் விற்கிறது. எங்கள் சந்துகளில் கையில் கிடைத்தது 1 லிட்டர் பாக்கெட். அதனால் தாளும் அதற்கு மட்டுமே எழுதப்பட்டது. இரண்டையும் ஒரே தாளில் சேர்த்தால் எந்த எண் எந்தப் பாக்கெட்டுக்கு என்ற குழப்பம் உறுதி. உங்கள் பகுதியில் சிறிய பாக்கெட்தான் புழங்குகிறது என்றால் அதற்குத் தனித் தாளை எழுதுங்கள்.

உங்கள் வரிகளில் "கூடாது" என்ற சொல்லையே காணோமே, ஏன்?

தமிழில் மறுப்பும் வினையைப் போலவே கடைசியில்தான் வந்து நிற்கிறது. "தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது" என்ற வரியை மெதுவாக வாசிப்பவர் "தாய்ப்பாலை நிறுத்த" என்பது வரை வந்ததும், பொருள் கிடைத்துவிட்டதாக எண்ணித் தலையை நிமிர்த்திவிடுகிறார். வரி மடிந்து "கூடாது" மட்டும் கீழே தனியாக நின்றால் இன்னும் மோசம். வயிற்றுப்போக்கு வந்தால் பாலை நிறுத்த வேண்டும் என்ற பழைய நம்பிக்கை அந்த வீட்டில் ஏற்கெனவே இருந்தால், நம் தாளே அதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

இதற்கு மாற்று, செய்ய வேண்டியதை நேராகச் சொல்வதுதான்: "தாய்ப்பால் எப்போதும் போல் கொடுங்கள்." இந்த வரியை எந்தச் சொல்லோடு நிறுத்தினாலும் அது தலைகீழான பொருளைத் தராது. நான் எழுதும் ஒவ்வொரு வரியையும் கடைசிச் சொல்லை விரலால் மறைத்துப் பார்ப்பேன். மீதி, எதிர்ப்பொருளைத் தந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். தவிர்க்க முடியாத இடம் வந்தால் "வேண்டாம்" என்பது "கூடாது" என்பதைவிடக் காதில் நன்றாக விழுகிறது. ஆனால் அதுவும் கடைசியில்தான் வரும்.

பேச்சுத் தமிழிலேயே எழுதிவிட்டால் இன்னும் எளிதாக இருக்காதா?

நானும் அப்படித்தான் நினைத்து, முதல் வரைவில் "கழுவுங்க", "போடுங்க", "கொடுங்க" என்று எழுதினேன். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் அந்த இடங்களில்தான் தடுமாறினார்கள். அவர்கள் பள்ளியில் கண்ணால் பழகிய வடிவம் "கொடுங்கள்" என்பது. அதைக் கண்டதும், வாய் தானாகவே "கொடுங்க" என்று சொல்லிவிடுகிறது. "வயித்தால போகுது" என்று அச்சில் பார்த்தபோதோ, இது என்ன புதுச்சொல் என்று நின்று மறுபடியும் கூட்டினார்கள். போதாததற்கு, பேச்சு வடிவம் ஊருக்கு ஊர் மாறுகிறது; தாராவியில் ஒரே சந்தில் இரண்டு மூன்று மாவட்டங்களின் பேச்சு இருக்கிறது.

ஆகவே நான் கைக்கொள்ளும் வழி இது: சொல்லைப் பேச்சிலிருந்து எடுக்க வேண்டும், எழுத்துக்கூட்டலைப் பள்ளிப் புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டும். "நீர்" வேண்டாம், "தண்ணீர்" வேண்டும். "பொட்டலம்" வேண்டாம், எல்லோரும் சொல்வது "பாக்கெட்". "கரண்டி" என்றால் குழம்பு ஊற்றும் கரண்டி என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், எனவே "ஸ்பூன்". தூய தமிழ்மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆனால் குழந்தை துவண்டு கிடக்கும் வீட்டில் அந்தப் பற்றை நிறைவேற்றிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

"உப்பு சர்க்கரைக் கரைசல்" என்பதுதானே சரியான பெயர்?

அந்தப் பெயரைத் தாளில் போடாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளைச் சர்க்கரை என்பது சீனி. "சர்க்கரை" என்றதும் அவர்களில் பலர் நாட்டுச் சர்க்கரையை நினைக்கிறார்கள். வயதானவர்கள் சர்க்கரை நோயை நினைக்கிறார்கள். "எனக்குச் சர்க்கரை இருக்கு, அந்தத் தண்ணியை நான் தொட மாட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னபோதுதான் எனக்கு இது உறைத்தது. பாக்கெட்டை அவர்கள் ஓ.ஆர்.எஸ். என்றே கேட்டு வாங்குகிறார்கள். எனவே தாளிலும் அதே பெயர், அதே பாக்கெட்டின் படம்.

பாக்கெட் கிடைக்காத நேரத்துக்கு 1 லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சீனியும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கும் முறை உண்டு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும். இதை அந்தத் தாளில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆறையும் அரையையும் மாற்றிப் போட்டால் நேரும் தீங்கு பெரிது. பின்ன எண்ணாக அச்சிடும் அரையைப் பலர் ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக வாசிக்கிறார்கள். இதைக் கையில் ஸ்பூனைக் கொடுத்து நேரில்தான் கற்பிக்க வேண்டும்.

படங்களில் எந்த இடத்தில் தவறு நேர்கிறது?

முதலில், வரிசை. இடமிருந்து வலம் என்ற பழக்கம் வாசிப்பிலிருந்து வருவது. வாசிக்காதவர் கண்ணுக்குப் பளிச்சென்று படும் படத்திலிருந்து தொடங்குவார். எங்கள் முதல் தாளில் குழந்தையின் முகம் இருந்த ஐந்தாவது கட்டத்தையே எல்லோரும் முதலில் பார்த்தார்கள். கட்டங்களை மேலிருந்து கீழாக ஒரே நெடுவரிசையில் அடுக்கி, மூலையில் பெரிதாக 1, 2, 3 என்று போட்ட பிறகு இது சரியாயிற்று. விலையும் கைப்பேசி எண்ணும் பார்த்துப் பழகியதால், எழுத்து அறியாதவர்களிலும் பலருக்கு இந்த எண்கள் தெரியும்.

அடுத்தது வெட்டுப்பட்ட உறுப்பு. மணிக்கட்டோடு முடியும் தனிக் கை ஸ்பூனைப் பிடித்திருப்பதை வரைந்தபோது "கை ஏன் அறுந்து கிடக்கிறது?" என்ற கேள்வி வந்தது. உட்கார்ந்திருக்கும் பெண்ணையும் மடியில் இருக்கும் குழந்தையையும் முழுதாக வரைந்தோம். செய்ய வேண்டாம் என்று காட்டப் போடும் பெருக்கல் குறியும் நம்பத்தக்கதன்று. பள்ளிக்குப் போகாதவருக்கு அது வெறும் இரண்டு கோடுகள்தான். கொதிக்கும் தண்ணீரின் மேல் அந்தக் குறியைப் போட்டால், கொதிக்கும் தண்ணீர்தான் அவர் நினைவில் தங்கும். தவறான செயலை வரையாமல் விடுவதே மேல்.

பின்னணியையும் அளவோடு வைக்க வேண்டும். இங்கே பல வீடுகளில் தண்ணீர் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் இருக்கிறது. இரண்டாவது படத்தில் வீடு வீடாகத் தெரிய வேண்டும் என்று ஓவியர் அந்த டிரம்மையும் வரைந்தார். பார்த்தவர்கள் டிரம்மிலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கச் சொல்வதாகப் புரிந்துகொண்டார்கள். டிரம்மை நீக்கினோம். படத்தில் இருக்கும் எந்தப் பொருளும் அந்த வேலையில் பங்கு பெற வேண்டும்; பங்கில்லாத பொருள் தானாக ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சுவரில் ஒட்டிய தாளை இரண்டடி தள்ளி நின்று, மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாதவர் வாசிக்க வேண்டும். புள்ளியும் கொம்பும் தெளிவாகப் பிரிந்து தெரியும் சாதாரண எழுத்துருவை, 24 பாயிண்ட் அளவுக்குக் குறையாமல் வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக அச்சிடுங்கள். படத்தின் மேல் எழுத்தை ஏற்றாதீர்கள்.

எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் தேவநாகரிதான் படிக்கிறார்கள். தமிழை அந்த எழுத்தில் எழுதலாமா?

முயன்று பார்த்துக் கைவிட்டோம். பிள்ளைகள் பள்ளியில் கற்கும் தேவநாகரியில் நம் எகர ஒகரக் குறில்களுக்குத் தனி எழுத்து இல்லை. ழகரமும் றகரமும் இல்லை. மராத்தி படிக்கும் பிள்ளைக்கு ளகரம் மட்டும் தெரியும். "கழுவுங்கள்" என்பதைப் பேத்தி வேறு ஏதோவாக வாசிக்க, பாட்டி அதை ஊகித்து நிரப்ப வேண்டியதாயிற்று. அதைவிட அந்தப் பெண் ஹிந்தி வரியைத் தனக்குள் வாசித்து, பொருளைத் தமிழில் பாட்டிக்குச் சொல்வது சரளமாக நடக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் திணிக்காமல், தாளின் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் அதே படங்களோடு ஹிந்தியும் அச்சிட்டோம். எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதை வீடே முடிவு செய்துகொண்டது.

புரிந்துவிட்டதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிகிறதா?" என்று கேட்டால் "புரியுது தம்பி" என்றுதான் பதில் வரும், வீட்டுக்கு வந்தவரின் மனம் நோகக் கூடாது என்ற பண்பு அது. அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம்.

முதலில் எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டி, "இதில் என்ன நடக்கிறது, சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். ஒருவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் கேட்டால் முதலில் பேசியவரின் பதிலே எல்லோருடைய பதிலாகிவிடும். பிறகு மெதுவாக வாசிப்பவர் ஒருவரை வரியை உரக்க வாசிக்கச் சொல்லி, அவர் எந்தச் சொல்லில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே சொல்லில் நின்றால் அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். கடைசியாக, ஒரு பாக்கெட், வெவ்வேறு அளவில் இரண்டு பாட்டில், ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் ஆகியவற்றை முன்னால் வைத்து, தாளைப் பார்த்துக் கலக்கச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். கை டம்ளரை நோக்கிப் போனால் குறை அவரிடம் இல்லை, நம் இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 1980 முதல் வீடு வீடாகப் பணியாளர்களை அனுப்பி, மூன்று விரல் சிட்டிகை உப்பையும் ஒரு கைப்பிடி வெல்லத்தையும் அரை சேர் தண்ணீரில் கலக்கத் தாய்மார்களுக்குக் கற்பித்தது. பின்னர் அந்த வீடுகளில் சிலவற்றுக்குச் சென்று, தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்று பார்த்து, அதற்கேற்பப் பணியாளரின் ஊதியம் கணக்கிடப்பட்டது. சொன்னதை அளக்காமல், கேட்டவரிடம் தங்கியதை அளந்த அந்த முறையைத்தான் நாங்களும் எங்கள் அளவில் பின்பற்றினோம்: தாளை ஒட்டிச் சில வாரங்கள் கழித்து அதே வீட்டுக்குப் போய், தாளைப் பார்க்காமல் கலக்கிக் காட்டச் சொன்னோம்.

ஜிங்க் மாத்திரை, ஆபத்து அறிகுறிகள் எல்லாவற்றையும் அதே தாளில் சேர்த்துவிடலாமா?

ஜிங்க் மாத்திரைக்குத் தனியாக ஒரு சிறு அட்டை கொடுத்தோம். வயிற்றுப்போக்கு இடையில் நின்றுவிட்டாலும் மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கடினமான செய்தி, ஏனென்றால் குழந்தை விளையாடத் தொடங்கியதும் மாத்திரையும் நின்றுவிடுகிறது. அட்டையில் 14 மாத்திரைகளை வட்டமாக வரைந்து, கீழே "தினமும் ஒன்று. 14 நாள் கொடுங்கள்" என்று எழுதினோம். கொடுத்ததும் ஒரு வட்டத்தைக் கரியாலோ பேனாவாலோ அடித்துவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அளவு பாதி என்பதால், அவர்களுக்கு அந்த அட்டையைக் கொடுக்காமல் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பினோம்.

ஆபத்து அறிகுறிகளில் சில வரிக்கும் படத்துக்கும் அடங்குகின்றன: "மலத்தில் இரத்தம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்", "குழந்தை குடிக்க மறுத்தால் உடனே டாக்டரிடம் போங்கள்." இங்கே "வந்தால்", "மறுத்தால்" என்பதை முதல் வரியாகவும், செய்ய வேண்டியதை அடுத்த வரியாகவும் உடைத்து எழுதினோம். ஆனால் நீர்ச்சத்துக் குறைவை அறிய, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் அது மெதுவாகத் திரும்புகிறதா என்று பார்க்கும் அறிகுறியைப் படத்தில் கொண்டுவர எங்களால் முடியவில்லை. மூன்று படங்களை அடுக்கி வரைந்தோம், அம்புக்குறி போட்டோம். பார்த்தவர்கள் குழந்தையைக் கிள்ளித் தண்டிப்பதாகவே நினைத்தார்கள். "மெதுவாக" என்பது நேரத்தில் நடப்பது, அசையாத படத்தில் அது நிற்கவில்லை. அந்தக் கட்டத்தைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு, தாளை ஒட்டப் போகும் பணியாளர் ஒவ்வொரு வீட்டிலும் நலமாக இருக்கும் குழந்தையின் வயிற்றில் மெல்லக் கிள்ளி விட்டு, தோல் சட்டென்று திரும்புவதைப் பாட்டியின் கையாலேயே செய்து பார்க்க வைத்தார்.